"பத்தே நாளில் பூரண குணம்" என்று எழுதாமல் ஒரு பிசியோ தன்னை அறிமுகப்படுத்துவது எப்படி

தர்மபுரியில் நான் முதன்முதலில் மாட்டிய போர்டில் "மூட்டுவலி, முதுகுவலி, தோள்பட்டை வலி, பக்கவாதம் – பத்தே நாளில் பூரண குணம்" என்று இருந்தது. அந்தப் பத்து நாள் கணக்கு என்னுடையது இல்லை. பிளெக்ஸ் அடிப்பவர் வேறு யாருக்கோ செய்த டிசைனை எடுத்துப் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தார். காசு கொடுத்தாயிற்றே என்று நானும் மாட்டிவிட்டேன்.

பாலக்கோட்டுப் பக்கமிருந்து ஓர் அம்மா கை தூக்க முடியாமல் வந்துகொண்டிருந்தார். பதினோராவது நாள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று போர்டைக் காட்டினார். "சார், நேத்தோட பத்து நாள் முடிஞ்சுபோச்சு. கை இன்னும் அங்கேயேதான் நிக்குது." அவருக்கு இருந்தது தோள்மூட்டு இறுக்கம். ஒரு வருடம், சிலருக்கு இரண்டு மூன்று வருடம்கூட ஓடும் சங்கதி. அதை முதல் நாளே சொல்லியிருந்தேன். ஆனால் வாயால் சொன்னதை விட போர்டில் இருந்ததைத்தான் அவர் நம்பினார். நம்பியதில் தப்பில்லை. அதன் பிறகு அவர் வரவில்லை.

படிப்பை முடித்துவிட்டுப் பென்னாகரத்திலோ அரூரிலோ ஊத்தங்கரையிலோ புதிதாக கிளினிக் திறக்கும் தம்பி தங்கைகள் சிலர், அறிமுகப் பக்கம் எப்படி எழுதுவது என்று கேட்கிறார்கள். வாசலில் ஒட்டும் தாளானாலும், நோட்டீஸானாலும், போனில் அனுப்பும் பக்கமானாலும் எழுத வேண்டியது ஒன்றுதான். நான் எழுதித் திருத்திய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் நோட்டைப் புரட்டுங்கள்

"எனது சிறப்புத் துறைகள்" என்று எழுத உட்கார்ந்தால் கல்லூரிப் பாடத்திட்டம் முழுவதும் வந்து நிற்கும். எலும்பு மூட்டு, நரம்பு, இதயம் நுரையீரல், விளையாட்டுக் காயம், குழந்தைகள், மகப்பேறு என்று எல்லாம் நாலரை வருடப் படிப்பில் படித்ததுதான். ஆனால் படித்ததும் கைப்பழக்கமும் ஒன்றில்லை. ஆகவே வருகைப் பதிவேட்டை எடுத்துக் கடைசி நூறு பேருக்கு எதிரே என்ன பிரச்சினை என்று பென்சிலால் குறியுங்கள். கிளினிக் இன்னும் திறக்கவில்லை என்றால் பயிற்சிக் காலத்தில் பார்த்தவர்களை எண்ணுங்கள்.

என் நோட்டில் முழங்கால் தேய்மானம், இடுப்பு வலி, தோள்பட்டை, எலும்பு முறிவுக்குக் கட்டுப் பிரித்த பின் வருபவர்கள் என்ற நான்கும்தான் பெரும்பகுதி. பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகள் இரண்டே பேர். அதனால் தாளில் மூன்று வரி எழுதினேன்: அதிகம் பார்ப்பவை, பார்ப்பேன் ஆனால் அனுபவம் குறைவு, பார்ப்பதில்லை. மூன்றாவது வரியில் குழந்தைகளைப் போட்டேன். அந்த இரண்டு குழந்தைகளின் பெற்றோரையும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அங்கே பேச்சுப் பயிற்சி முதல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். என்னிடம் ஒரு பந்தும் ஒரு பாயும்தான் இருந்தன.

பெயர், படிப்பு, பதிவு ஆகியவற்றை இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாமா என்பது இன்னும் ஓயாத சண்டை, அதற்குள் நான் போகவில்லை. போட்டாலும் 'பிசியோதெரபிஸ்ட்' என்ற சொல் அதே அளவு எழுத்தில் பக்கத்திலேயே இருக்கட்டும். ஊசி போடுவார், மாத்திரை எழுதுவார் என்று நினைத்து வந்து திரும்பிப் போகிறவரின் பஸ் செலவை நாம் தரப்போவதில்லை.

ஒரே ஒரு பிரச்சினையை முழுதாக எழுதுங்கள்

இதுதான் முக்கியமான இடம். இருபது வியாதிகளின் பெயரை வரிசையாகப் போடுவதை விட, ஒன்றை எடுத்து அதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று எழுதினால் படிப்பவருக்கு உங்களைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும். நான் எடுத்தது அந்தப் பாலக்கோட்டு அம்மாவின் பிரச்சினையை, அதாவது தோள்மூட்டு இறுக்கத்தை. கீழே வரும் அக்கா ஒரே ஆள் இல்லை. என்னிடம் வந்த பலரைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், சின்ன ஊரில் வயதும் தொழிலும் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

வயது 53. ஒன்பது வருடமாக சுகர். நான்கு மாதத்துக்கு முன் வலது தோளில் காரணமில்லாமல் வலி. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. இப்போது கொண்டை போடக் கை போகவில்லை, ஜாக்கெட் கொக்கியை மருமகள்தான் மாட்டிவிடுகிறார். பக்கத்துத் தெருவில் எண்ணெய் போட்டு நீவி, கையை ஒரு இழு இழுத்துவிட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து வலி இரண்டு மடங்கு.

முதலில் பார்க்க வேண்டியது எந்த அசைவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையைக் கதவு திறப்பது போல வெளிப்பக்கம் திருப்பச் சொன்னேன். இடது கை 65 பாகை போனது. வலது கை 10 பாகையில் நின்றது. அப்புறம் அவர் கையைத் தளர விடச் சொல்லி நானே மெல்லத் திருப்பிப் பார்த்தேன். அதே 10 பாகை. அவராகச் செய்தாலும் நான் செய்தாலும் ஒரே இடத்தில் முட்டி நிற்கிறது என்றால், மூட்டைச் சுற்றியுள்ள உறையே தடித்துச் சுருங்கியிருக்கலாம். தசைநார் கிழிந்தவருக்கு அப்படி இருக்காது. அவரால் தூக்க முடியாது, ஆனால் நாம் தூக்கினால் கை பெரும்பாலும் போகும். மூட்டுத் தேய்மானத்திலும் இப்படி முட்டும் என்பதால் எலும்பு மருத்துவரிடம் அனுப்பி எக்ஸ்ரே பார்த்தோம். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. தோள்மூட்டு இறுக்கத்தில் அது அப்படித்தான் இருக்கும். "படத்துல ஒண்ணுமில்லேங்கறாங்க, அப்ப ஏன் வலிக்குது" என்று அக்கா கேட்டார். அந்தக் கேள்வியையும் பதிலையும் அப்படியே என் தாளில் சேர்த்துக்கொண்டேன்.

இந்த நோய் மூன்று கட்டமாக நகரும். முதலில் வலி அதிகம், இறுக்கம் கூடிக்கொண்டே போகும். அப்புறம் வலி குறையும், இறுக்கம் நிற்கும். கடைசியில் மெல்லத் தளரும். ஒவ்வொரு கட்டமும் மாதக்கணக்கில் ஓடும், ஒன்றோடு ஒன்று கலந்தும் வரும். சுகர் உள்ளவர்களுக்கு இது அதிகமாக வருகிறது, மெதுவாக விடுகிறது, முழுதாக விடாமல் கொஞ்சம் தங்கியும் போகிறது. சிலருக்குப் பின்னால் இன்னொரு தோளிலும் வரும். அறிமுகத்தில் "குணப்படுத்துவோம்" என்று எழுதக் கூடாது என்று நான் சொல்வது அடக்கத்துக்காக இல்லை. இந்த நோயின் போக்கில் ஒரு பகுதி எங்கள் கையில் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் கையில் இருப்பது என்ன? அக்கா முதல் கட்டத்தின் கடைசியில் இருந்தார். பத்துக்கு எட்டு என்று இரவு வலி. இந்த நேரத்தில் இழுத்து நீட்டினால் நீவிவிட்டவர் செய்த தப்பையே நாமும் செய்வோம். ஆகவே முதல் ஆறு வாரம் மூன்றே பயிற்சிகள். குனிந்து இடது கையை மேசையில் ஊன்றி, வலது கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல ஆட்டுவது. மேசையில் துண்டை விரித்து அதன் மேல் உள்ளங்கையை வைத்து முன்னால் சறுக்கிக்கொண்டு போவது. மல்லாந்து படுத்து, குடைக் கம்பை இரு கையிலும் பிடித்து, இடது கையால் வலது கையை வெளிப்பக்கம் தள்ளுவது. கடைசி இரண்டிலும் எல்லையில் ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, பத்து முறை. எல்லாமாக ஒரு நாளைக்கு மூன்று வேளை. பயிற்சி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் வலி பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இரவு தூக்கம் கெட்டாலோ, காலையில் முந்தின நாளை விட மோசமாக இருந்தாலோ பாதியாகக் குறைக்க வேண்டும். இந்த ஒரு விதியைத்தான் நான் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பேன்.

அதோடு இரண்டு வேலை வெளியே நடந்தது. சுகரை மருத்துவர் மாத்திரை மாற்றிக் கட்டுக்குள் கொண்டுவந்தார். எலும்பு மருத்துவர் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார். வலி அதிகமுள்ள கட்டத்தில் அது உதவும், ஆனால் சில நாட்களுக்குச் சுகர் ஏறும் என்பதை முன்பே சொல்லி வீட்டில் பார்த்துவரச் சொன்னார். வலி எட்டிலிருந்து நாலுக்கு வந்ததில் ஊசிக்கு எவ்வளவு பங்கு, பயிற்சிக்கு எவ்வளவு, நாள் போனதற்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. "என் சிகிச்சையால் குறைந்தது" என்று எழுதினால் பொய்.

ஆறாவது வாரம் வெளித்திருப்பம் 20 பாகை. அதற்குப் பிறகுதான் மூட்டைப் பிடித்து நகர்த்தும் கை வேலையை அழுத்தமாகச் செய்தேன். வாரம் இரண்டு சிட்டிங், அப்புறம் ஒன்று, அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒன்று. நான்காவது மாதம் 35. கொண்டை போட்டுவிட்டார். கொக்கி இன்னும் எட்டவில்லை. பத்தாவது மாதம் 50, கொக்கியும் கைக்கு வந்தது, ஆனால் இடது கை போகும் உயரம் வலது கை போகவில்லை. அங்கே நிறுத்திக்கொண்டோம். மொத்தம் 26 சிட்டிங்.

இடையில் ஒரு மாதம் எண் நகரவே இல்லை. கல்யாண வேலை என்று பயிற்சியை விட்டிருந்தார். அதையும் எழுதினேன். படிக்கிறவர்கள் தங்களை அங்கேதான் அடையாளம் காண்கிறார்கள்.

மிஷின் படம் போடுவதற்கு முன்

நம் ஊரில் பிசியோ என்றால் 'கரண்ட் வைக்கிறவர்'. வந்து உட்கார்ந்ததும் "கரண்ட் எத்தனை நிமிஷம் சார்" என்பார்கள். அதனால் அறிமுகத்தில் மிஷின்களின் பெயரை அடுக்கிவிடத் தோன்றும். அல்ட்ராசவுண்ட், ஐஎஃப்டி, டென்ஸ், லேசர் எல்லாம் இருக்கிறது என்று எழுதினால் கூட்டம் வரும், உண்மைதான். ஆனால் தோள்மூட்டு இறுக்கத்துக்கு அல்ட்ராசவுண்டால் பெரிய பயன் இருப்பதாக ஆதாரம் இல்லை. கரண்டும் ஒத்தடமும் வலியைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்தும். அந்தக் கொஞ்ச நேரத்தில் பயிற்சி செய்ய வைக்கலாம், அதுதான் அவற்றின் வேலை.

என் தாளில் முறைகளை இப்படி எழுதியிருக்கிறேன்: "பெரும்பாலான நாள் நீங்கள்தான் வேலை செய்வீர்கள், நான் அளப்பேன், சொல்லிக் கொடுப்பேன், மாற்றுவேன். தேவைப்பட்டால் மூட்டைக் கையால் நகர்த்துவேன். மிஷின் வலியைக் குறைக்க மட்டும்." கையால் நகர்த்துவதைச் சிலர் 'எலும்பு தட்டுவது' என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். மெய்ட்லாண்ட் முறையில் நான்கு படி உண்டு, முதல் இரண்டு படி வலியைத் தணிக்கும் மெல்லிய ஆட்டம், அடுத்த இரண்டுதான் இறுக்கத்தைத் தளர்த்த என்று நமக்குத் தெரியும். அதைத் தாளில் விளக்க வேண்டாம். "சத்தம் வரும்படி திருக மாட்டேன்" என்ற ஒரு வரி போதும்.

முடியாது என்பதையும் எழுதுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அது ஒரு காரணம். பல வருடம் போர் தண்ணீர் குடித்தவர்களில் சிலருக்குப் பல்லில் கறையோடு கழுத்தும் முதுகும் மூட்டுகளும் விறைத்துப்போகும். தசைநார்களிலேயே சுண்ணாம்பு படிந்திருக்கும். அதைப் பயிற்சியால் கரைக்க முடியாது. தோளைச் சோதிக்கும்போது கழுத்தும் திரும்பாமல், குனிந்தால் முதுகு பலகை போல வந்தால், தோள்மூட்டு இறுக்கம் என்று முடிவு கட்டாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். இருக்கிற அசைவைக் காப்பாற்றிக்கொள்ள, நடையைச் சரிசெய்ய நாம் உதவலாம். "விறைப்பு நீங்கும்" என்று எழுதக் கூடாது.

எங்களிடம் வராமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்களுக்கும் நான்கு வரி ஒதுக்குங்கள். இடது தோள் வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் 108. விழுந்த பிறகு கையை அசைக்கவே முடியவில்லை என்றால் முதலில் எக்ஸ்ரே. மூட்டு சூடாகச் சிவந்து காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவர். காரணமில்லாமல் எடை குறைந்து, எப்படிப் படுத்தாலும் இரவு வலி விடவில்லை என்றாலும், முன்பு புற்றுநோய் இருந்தவர் என்றாலும் அப்படியே. ஒருமுறை ஓர் அண்ணன் வாசலில் அந்த முதல் வரியைப் படித்துவிட்டு உள்ளே வராமல் ஆட்டோவைத் திருப்பச் சொன்னார். பிறகு என்ன ஆனது என்று தெரியவில்லை, ஆனால் அந்த வரியை நான் எடுக்கவில்லை.

படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்காக, "மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்" என்றும் சேர்த்தேன். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வருமானத்தை விட்டுக்கொடுக்கிறாயே என்று நண்பன் சிரித்தான். படுத்த படுக்கையான தாத்தாவை ஜீப் வைத்து என்னிடம் தூக்கி வந்து அரை மணி நேரம் படுக்க வைப்பதில் அவருக்கு ஒரு லாபமும் இல்லை.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரண விளம்பரச் சட்டம், சில நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் பக்கவாதமும் வாதநோயும் உண்டு. நாம் மருந்து விற்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்பது சேவைகளுக்கும் பொருந்தும். பிளெக்ஸ் அடித்தவரைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது, பெயர் நம்முடையது.

எழுதியதை ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள்

நம்மைப் போலப் படித்தவரிடம் வேண்டாம். காத்திருக்கும் பெஞ்சில் இருக்கும் யாரிடமாவது கொடுத்து, "இதுல என்ன எழுதியிருக்கு, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். என் முதல் தாளில் "வலி மேலாண்மை" என்று எழுதியிருந்தேன். ஒரு பாட்டி அதை "மேல இருக்கிற வலி" என்று புரிந்துகொண்டார். "செயல்திறன் மேம்பாடு" என்பதைப் படித்த இன்னொருவர் சீட்டு கம்பெனியா என்றார். இரண்டையும் அடித்துவிட்டேன். "எதிர்பார்க்கலாம்" என்று எழுதிய இடங்களைப் படித்தவர்கள் எல்லாரும் "கண்டிப்பாக நடக்கும்" என்றே திருப்பிச் சொன்னார்கள். ஆகவே அந்தச் சொல்லை விட்டு, "சிலருக்கு நடக்கிறது, சிலருக்கு நடப்பதில்லை" என்று இரண்டு பக்கத்தையும் எழுதினேன்.

"முன்பு – பின்பு" போட்டோ கேட்பவர்கள் உண்டு. நான் போடுவதில்லை. நன்றாகத் தேறியவர்தான் சந்தோஷமாகப் போட்டோவுக்கு நிற்பார், தேறாதவர் நிற்க மாட்டார். பார்க்கிறவருக்கு அது தெரியாது.

இப்போது என் வாசலில் இருப்பது இது. வேண்டுமானால் எடுத்து உங்கள் நோட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"நான் பிசியோதெரபிஸ்ட். மருந்து எழுதுவதில்லை, ஊசி போடுவதில்லை. முழங்கால், இடுப்பு, தோள்பட்டை வலி, எலும்பு முறிவுக்குப் பிந்தைய பயிற்சி ஆகியவற்றை அதிகம் பார்க்கிறேன். பக்கவாதத்துக்குப் பின் பயிற்சி தருகிறேன், நரம்புப் பிரச்சினைக்கென்றே படித்தவர் தேவை என்றால் சொல்லி அனுப்புவேன். குழந்தைகளைப் பார்ப்பதில்லை. முதல் நாள் முக்கால் மணி நேரம் ஆகும். அசைவை அளந்து எழுதித் தருவேன், அந்தத் தாள் உங்களுடையது. உங்களால் இப்போது செய்ய முடியாத ஒரு வேலையைச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் இருவரும் கணக்குப் பார்ப்போம். ஆறு சிட்டிங்கில் எண்ணும் வலியும் கொஞ்சமும் நகரவில்லை என்றால், திட்டத்தை மாற்றுவேன் அல்லது மருத்துவரிடம் திரும்ப அனுப்புவேன். எத்தனை நாளில் சரியாகும் என்று முதல் நாள் சொல்ல மாட்டேன். முழுதாகச் சரியாகும் என்றும் சொல்ல மாட்டேன்."

இதை எழுத வந்த பெயிண்டர் கடைசி வரியில் தூரிகையை நிறுத்திவிட்டு, "சார், இதையுமா எழுதணும்?" என்று கேட்டார். எழுதச் சொன்னேன். கட்டணத்தை மட்டும் பெயிண்டில் எழுதாமல் தனித் தாளில் ஒட்டுங்கள், வருடா வருடம் மாறும்.